முதல் சம்பளக்காரருக்கு எந்தச் செலவுக் கணக்கு ஆப்? வாசகர் கேள்விகள்

எஸ்எம்எஸ்ஸைப் படித்துத் தானே கணக்கு எழுதும் ஆப் போட்டிருக்கிறேன். மாதம் ஆறாயிரம் ரூபாய் 'மற்றவை'யிலேயே போய் நிற்கிறதே?
– மடிவாளா வாசகர்

யுபிஐ லைட் வைத்திருக்கிறீர்களா? அதில் 1,000 ரூபாய் வரை பின் போடாமலே கட்டலாம். தர்ஷினி காபி, ஆட்டோ எல்லாம் அதிலேயே போய்விடும். வங்கிக் கணக்கில் தெரிவது நீங்கள் லைட்டில் பணம் ஏற்றியது மட்டும்தான், ஆப்புக்கும் அவ்வளவுதான் தெரியும். நண்பர்களுக்கும் சேர்த்து நீங்கள் கட்டிய ஹோட்டல் பில்லையும் அது முழுக்க உங்கள் செலவாகவே எழுதும். கையால் பதியும் ஆப்புக்கு மாறுங்கள். கடை வாசலில் நின்றபடியே பத்து நொடியில் தொகையும் தலைப்பும் போட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஒரு வாரத்தில் விட்டுவிடுவீர்கள்.

சம்பளம் 32,000. ஒரு மாதம் 21,000 செலவு, தீபாவளி மாதம் 34,000. பட்ஜெட் போடவே முடியவில்லை. எதைப் பார்த்து ஆப் தேர்ந்தெடுப்பது?
– எலக்ட்ரானிக் சிட்டி வாசகி

ஆப்பில் இரண்டு கணக்கு வைக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

எப்போதாவது வரும் செலவுகளை மட்டும் எழுதிப் பாருங்கள். தீபாவளி, பொங்கலுக்கு ஊர் பஸ்ஸும் துணியும் 14,000, இரண்டு கல்யாண மொய்யும் பயணமும் 9,000, ஸ்கூட்டர் இன்ஷூரன்ஸும் சர்வீஸும் 7,000, மருந்து, செல்போன் ரிப்பேர் 6,000 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 36,000, அதாவது மாதம் 3,000. சம்பளம் வந்த அன்றே அதை 'வருடச் செலவு' என்ற இரண்டாவது கணக்குக்கு மாற்றிவிடுங்கள். நிஜப் பணமும் வேறொரு சேமிப்புக் கணக்குக்குப் போக வேண்டும், ஆப்பில் மட்டும் மாற்றினால் அது கரைந்துவிடும். பஸ் டிக்கெட்டை அந்தக் கணக்கிலிருந்து எழுதுங்கள். தீபாவளி மாத மொத்தம் அப்போதும் எகிறும்தான். ஆனால் வழக்கமான செலவு எவ்வளவு என்பது முதல் கணக்கில் தனியாகத் தெரியும்.

ஆப்பைச் சோதிக்க 100 ரூபாயை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு Transfer செய்து பாருங்கள். மாதச் செலவு 100 கூடினால் அந்த ஆப் வேண்டாம். இலவசப் பதிப்பில் எத்தனை கணக்கு என்பதையும் அப்போதே பாருங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. ஆகஸ்டில் தொடங்கினால் தீபாவளிக்குள் மூன்று தவணை, 9,000தான் சேர்ந்திருக்கும். துணி, டிக்கெட், ஒரு கல்யாணம் எல்லாம் சேர்ந்து வந்தால் பற்றாது. முதல் இரண்டு மாதம் 4,500 போடுங்கள்.

சம்பளம் மாதக் கடைசி வேலைநாளில் வருகிறது. கணக்கு குழம்புகிறது.
– எச்.எஸ்.ஆர். லேஅவுட் வாசகர்

அடுத்த மாதம் 1-ஆம் தேதி வரவாக எழுதிவிடுங்கள், சரியாகிவிடும்.

இலவச ஆப் ஒன்று எஸ்எம்எஸ் அனுமதி கேட்கிறது, உள்ளே கடன் விளம்பரமும் வருகிறது. வைத்துக்கொள்ளலாமா?
– மாரத்தஹள்ளி வாசகி

வேண்டாம். அந்த அனுமதியில் உங்கள் ஓடிபியும் அடங்கும். கையால் பதியும் ஆப்புக்கு அது தேவையே இல்லை. நீக்குவதற்கு முன் இதுவரை எழுதியதை CSV கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் போன் செட்டிங்ஸில் அனுமதியை எடுத்துவிட்டு ஆப்பை நீக்குங்கள்.