ஆப் காட்டும் லாபம் 6,400 ரூபாய். கையில் நின்றது எவ்வளவு?

கேள்வி: சார், போன மாதம் என்.எஸ்.இ.யில் 60 இன்ட்ராடே டிரேட் செய்தேன். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கி அன்றே விற்றது. ஆர்டருக்கு 20 ரூபாய் அல்லது 0.03%, எது குறைவோ அதுதான் புரோக்கரேஜ். மூன்று முறை விற்க மறந்து, புரோக்கரே முடித்துவிட்டார். ஆப் 6,400 ரூபாய் லாபம் என்கிறது. ஆனால் கணக்கில் கூடியது 1,272 ரூபாய்தான். மீதி எங்கே போனது? நான் சம்பளக்காரன், 30% வரி வரம்பில் இருக்கிறேன்.

பதில்: எங்கும் காணாமல் போகவில்லை. ஆப்பில் பச்சையாகத் தெரிவது விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. செலவெல்லாம் அன்றன்று புரோக்கர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டில் இருக்கிறது, அதைத்தான் பெரும்பாலானோர் திறந்தே பார்ப்பதில்லை.

முதலில் ஒரே ஒரு டிரேடை எடுத்துக்கொள்வோம். ஒரு லட்சத்துக்கு 0.03% என்றால் 30 ரூபாய். 20 குறைவு என்பதால் வாங்க 20, விற்க 20, ஆக 40 ரூபாய் புரோக்கரேஜ். பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்.டி.டி. விற்கும்போது மட்டும் 0.025%, அது 25 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணம் இரண்டு பக்கமும் லட்சத்துக்குச் சுமார் 3 ரூபாய், ஆக 6. வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.003%, அதாவது 3 ரூபாய். செபி கட்டணம் கோடிக்கு 10 ரூபாய் என்பதால் இங்கே 20 பைசாதான். புரோக்கரேஜ், எக்ஸ்சேஞ்ச், செபி மூன்றையும் கூட்டி அதன் மேல் 18% ஜி.எஸ்.டி. போட்டால் 8 ரூபாய் 32 பைசா. எஸ்.டி.டி.க்கும் முத்திரைத் தீர்வைக்கும் ஜி.எஸ்.டி. கிடையாது. எல்லாம் சேர்த்து ஒரு டிரேடுக்குச் சுமார் 82.50 ரூபாய்.

இதை 60 ஆல் பெருக்கினால் 4,951. நீங்கள் விற்க மறந்ததைப் புரோக்கரே முடிக்கும் ஆட்டோ ஸ்கொயர் ஆஃபுக்குப் பல புரோக்கர்கள் 50 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தனியாக வாங்குகிறார்கள். மூன்று முறைக்கு 177. 6,400-லிருந்து இரண்டையும் கழித்தால் 1,272, சரியாக உங்கள் தொகை. சில மாதம் ஓரிரு ரூபாய் முன்பின் வரும். அது ரவுண்டிங், விட்டுவிடுங்கள். அதற்கு மேல் இடித்தால் கான்ட்ராக்ட் நோட்டுகளை நாள்வாரியாக லெட்ஜரோடு ஒப்பிடுங்கள். மாதத்தின் கடைசி நாள் டிரேடு அடுத்த வர்த்தக நாளில்தான் செட்டில் ஆகும். கணக்கு உதைப்பது பெரும்பாலும் அங்கேதான்.

இந்த 82.50 ரூபாயை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் 60 டிரேடையும் மறுபடி பாருங்கள். 500 ரூபாய்ப் பங்கில் 200 வாங்கி 500.35-க்கு விற்றால் ஆப் 70 ரூபாய் லாபம் என்று பச்சை காட்டும். உண்மையில் அது சுமார் 12.50 ரூபாய் நஷ்டம். அந்த விலையில் குறைந்தது 42 பைசா ஏறினால்தான் முதல் தேறும். இப்படிப் பச்சையில் ஒளிந்திருக்கும் நஷ்டங்களைத் தனியே எண்ணிப் பாருங்கள். நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் இந்தச் செலவு ஏறக்குறைய அதேதான், டிரேடு எண்ணிக்கையோடு சேர்ந்து வளரும். இன்னொன்று: ஒரு லட்சம் ரூபாய்ப் பங்கை இரண்டு பாதியாக விற்றால் விற்கும் பக்கப் புரோக்கரேஜ் 20 அல்ல, 15-ம் 15-மாக 30.

அப்புறம் வருமான வரி. இன்ட்ராடே லாபம் மூலதன ஆதாயம் அல்ல. ஊக வணிக வருமானம். எனவே குறுகிய கால ஆதாயத்தின் 20% விகிதம் இதற்குப் பொருந்தாது, சம்பளத்தோடு சேர்ந்து உங்கள் வரம்பின்படி வரி. வணிக வருமானம் என்பதால் எஸ்.டி.டி. உட்பட மேலே சொன்ன எல்லாவற்றையும் செலவாகக் கழிக்கலாம், அதனால் வரி 6,400-க்கு அல்ல, 1,272-க்குத்தான். செஸ் சேர்த்து 31.2% என்றால் 397 ரூபாய். மிஞ்சுவது 875. வரி ஆண்டுக் கணக்கில்தான் போடப்படும் என்பதால், வேறொரு மாத இன்ட்ராடே நஷ்டம் இதைக் குறைக்கவும் செய்யலாம்.

ஆண்டு முழுதும் நஷ்டமாக முடிந்தால் அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள் வரும் ஊக வணிக லாபத்தில்தான் கழிக்கலாம், அதுவும் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால் மட்டும். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐ.டி.ஆர்-1 இதற்குச் செல்லாது, ஐ.டி.ஆர்-3 வேண்டும்.