புயல் எச்சரிக்கை வந்தபின் எப்போது கிளம்புவது, எங்கே போவது? வேதாரண்யம் கடலோர வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேதாரண்யம் வட்டத்துக் கடற்கரைக் கிராமங்களிலிருந்து வந்தவை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயலை நேருக்கு நேர் பார்த்த ஊர்கள் இவை. அதனால் அந்தப் புயலையே உதாரணமாக வைத்துப் பதில் எழுதுகிறேன்.

ஐயா, புயல் நள்ளிரவில் கரையைக் கடக்கும் என்று செய்தியில் சொன்னால், சாயங்காலம் வரை வீட்டில் இருந்துவிட்டுக் கிளம்பக் கூடாதா? படகு, வலை, ஆடு, மாடு எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறதே. – புஷ்பவனம் வாசகர்

கூடாது. 'கரையைக் கடக்கும் நேரம்' என்று வானிலை மையம் சொல்வது புயலின் நடுப்பகுதி தரையைத் தொடும் நேரத்தை. காற்று அதற்குப் பல மணி நேரம் முன்பே வந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுப்பகுதி இரவு 12.30க்குக் கரையைத் தொடுகிறது, மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் நகர்கிறது, பலத்த காற்று நடுவிலிருந்து 100 கி.மீ. தொலைவு வரை வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு கிலோமீட்டரைக் கடக்கப் புயலுக்கு ஐந்து மணி நேரம் ஆகும். ஆகவே மரத்தைச் சாய்க்கும் காற்று இரவு 7.30க்கே உங்கள் தெருவில் இருக்கும். அதற்கும் முன்னதாக மழைப் பட்டைகளோடு விட்டுவிட்டு வரும் சூறைக்காற்றுக்கு மூன்று மணி நேரம் கழியுங்கள். மாலை 4.30 ஆகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடினால் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். குழந்தையோடும் மூட்டையோடும் ஒரு குடும்பம் வாசலைத் தாண்டவே இரண்டு மணி நேரம் பிடிக்கும். எனவே மதியச் சாப்பாடு முகாமில்தான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். படகையும் வலையையும் முதல் நாளே மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். மாடுகளை மேடான இடத்துக்கு ஓட்டிவிடுங்கள். முடியாவிட்டால் கட்டை அவிழ்த்துவிடுங்கள். கட்டிக்கிடக்கும் மாடுதான் முதலில் சாகும்.

பஸ்ஸை நம்பியிருப்பவர்களுக்கு அவகாசம் இன்னும் குறைவு. 2020இல் நிவர் புயல் நவம்பர் 25 இரவில்தான் கரையைக் கடக்கத் தொடங்கியது. நாகப்பட்டினம் உட்பட ஏழு மாவட்டங்களில் பஸ்கள் 24ஆம் தேதி பகல் ஒரு மணிக்கே நிறுத்தப்பட்டுவிட்டன.

துறைமுகத்தில் கூண்டு ஏற்றட்டும் என்று காத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அது துறைமுகத்துக்கும் கப்பல்களுக்குமான எச்சரிக்கை. பத்தாம் எண் கூண்டு ஏறும்போது நீங்கள் சாலையில் இருக்கவே கூடாது.

எங்கள் ஊர்ப் பள்ளியில் முகாம் வைக்கிறார்கள். திருத்துறைப்பூண்டியில் அக்கா வீடு இருக்கிறது. எங்கே போவது நல்லது? கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக நாகப்பட்டினம் போய்விடலாம் என்கிறார் என் கணவர். – வெள்ளப்பள்ளம் வாசகி

கடலோரத்தில் உங்களைத் துரத்துபவை இரண்டு: கடல்நீரும் காற்றும். கடல்நீருக்கு அஞ்சித்தான் கரையை விட்டு விலகுகிறோம். காற்றுக்கு, எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்பதைவிடத் தலைக்கு மேல் என்ன கூரை இருக்கிறது என்பதுதான் முக்கியம். கஜா கரையேறிய பிறகும் வலுவோடு உள்ளே போய், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. அக்கா வீடு கான்கிரீட் வீடாக இருந்து, முற்பகலிலேயே போய்ச் சேர முடியுமானால் தாராளமாகப் போங்கள். ஓட்டு வீடோ, ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ என்றால் ஊர் முகாமே மேல். பகல் இரண்டு மணி தாண்டிவிட்டாலும் அப்படியே. பக்கத்தில் இருக்கும் உறுதியான கட்டடம், தொலைவில் இருக்கும் நல்ல ஊரைவிடப் பாதுகாப்பானது.

நாகப்பட்டினம் யோசனையை உங்கள் கணவர் கைவிட வேண்டும். அந்தச் சாலை கடலுக்கு இணையாக ஓடுகிறது. டெல்டாவின் ஆறுகளும் வடிகால்களும் கடலை நெருங்கும் இடங்களில் பாலம் பாலமாகத் தாண்டிப் போக வேண்டும். கடல் பொங்கி எதிர்த்தால் ஆற்றுநீர் வடியாமல் அங்கேதான் தேங்கும். அதோடு, கடற்கரை ஓரமாகவே போகிறவர் புயலின் பாதையிலிருந்து விலகியவர் ஆகமாட்டார். கஜா முதலில் வட தமிழகத்தை நோக்கித்தான் வரும் என்று கணிக்கப்பட்டது. பிறகு தெற்கே இறங்கி, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. கரைக்குக் குறுக்காக, மேற்கே போகும் சாலையே உங்களுக்கான சாலை.

முகாம் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கைப்பேசி வரைபடத்தில் தேடினால் கிடைக்குமா? – கோடியக்கரை வாசகர்

வரைபடத்தில் பள்ளிக்கூடம் தெரியும். அது முகாமாகத் திறந்திருக்கிறதா என்பது தெரியாது. அதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் கிராம நிர்வாக அலுவலரும் கிராம உதவியாளரும்தான். அவர்களிடம் 'முகாம் எங்கே?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'இன்று திறந்திருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது, நிரம்பிவிட்டால் அடுத்தது எது?' என்று சேர்த்துக் கேளுங்கள். பூட்டிய கேட்டின் முன்னால் மழையில் கைக்குழந்தையோடு நிற்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வந்த இடம் சரியானதுதான். சாவி மட்டும் வேறு தெருவில் இருந்தது. அலுவலர் கிடைக்காவிட்டால் 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை. கோபுரங்கள் விழுந்தால் கைப்பேசியும் போய்விடும். ஆகவே இந்த விசாரணையை முதல் நாளே முடித்து, இரண்டு முகாம்களின் பெயரைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோரத்தில் தூண்கள் மேல் நிற்கும் பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையம் இருந்தால் அதையே முதலில் நாடுங்கள். கீழே தண்ணீர் புகுந்தாலும் மேல் தளம் தப்பும்படி கட்டப்பட்டவை அவை. பள்ளியாக இருந்தால் கான்கிரீட் கூரையுள்ள அறையைக் கேட்டு வாங்குங்கள். போனதும் பதிவேட்டில் குடும்பத்தினர் எல்லோர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். பிரிந்துபோன உறவினர் உங்களைத் தேடி வந்தால் முதலில் பார்ப்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

மனைவிக்கு ஒன்பதாம் மாதம். முகாமுக்கு அழைத்துப் போகலாமா? – ஆற்காட்டுத்துறை வாசகர்

முகாம் வேண்டாம். எச்சரிக்கை வந்த அன்றே கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி அரசு மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள். காற்று வலுத்துவிட்டால் 108 வண்டியும் மரங்களைத் தாண்டி வர முடியாது.

பாதி வழியில் காற்று பிடித்துக்கொண்டால்? – தோப்புத்துறை வாசகர்

பைக்கை விட்டு இறங்கி, அருகில் உள்ள கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். யார் வீடாக இருந்தாலும் கதவைத் தட்டுங்கள். காரில் இருந்தால் மரத்தடியிலும் மின்கம்பத்துக்குக் கீழேயும் நிறுத்தாதீர்கள். சாலையைக் கடந்து ஓடும் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். முழங்காலுக்குக் கீழே, ஓரடி ஆழம் ஓடினாலே சிறிய காரைத் தூக்கிவிடும். கறுத்த நீரின் அடியில் சாலை அறுந்திருப்பதும் தெரியாது.

கஜா அன்று நடுவில் காற்று நின்றதும் வீட்டைப் பார்க்கப் போனவர்கள் மாட்டிக்கொண்டார்கள் என்கிறார்களே? – கோடியக்காடு வாசகி

புயலின் கண் தலைக்கு மேல் வரும்போது அப்படித்தான் அடங்கும். சிறிது நேரத்தில் காற்று எதிர்த்திசையிலிருந்து, அதே வேகத்தில் திரும்ப அடிக்கும். முதல் காற்றில் வேர் தளர்ந்த மரங்கள் அப்போதுதான் விழும். காற்று படிப்படியாகத் தணிந்தால் புயல் விலகிப் போகிறது. சட்டென்று நின்றால் கண் வந்திருக்கிறது. அதிகாரிகள் சொல்லும் வரை வெளியே வராதீர்கள்.

விடிந்த பிறகும் முதலில் சாலையைப் பார்த்து வர ஒருவரோ இருவரோ போகட்டும். கஜாவுக்குப் பின் தென்னைமரங்களும் மின்கம்பங்களும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாலையில் கிடந்தன. அறுந்த கம்பி எதையும், மின்சாரம் இல்லை என்று யார் சொன்னாலும், தாண்டாதீர்கள். உறவினரைப் பார்க்க வெளியூர் போவதானால் ஆறுகளையும் விசாரித்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் கரையைக் கடந்து இரண்டு நாள் கழித்துத்தான், தென்பெண்ணை வெள்ளம் விழுப்புரம் மாவட்டம் அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை மூழ்கடித்துப் போக்குவரத்தை நிறுத்தியது.