பொத்தானை அழுத்தி உள்ளே போன கணக்கு, மூலக் கணக்கு மூடியதும் என்ன ஆகும்?

கேள்வி: அலுவலக மெயிலை வைத்து "Sign in with Google" பொத்தானை அழுத்தி, ஒரு டிசைன் செயலிக்கு என் சொந்தக் கார்டில் ஒரு வருடச் சந்தா கட்டியிருந்தேன். வேலையை விட்டதும் அந்த மெயிலை மூடிவிட்டார்கள். இப்போது என் சொந்த ஜிமெயிலை வைத்து அதே பொத்தானை அழுத்தினால் உள்ளே போகிறது. ஆனால் சந்தாவும் இல்லை, செய்து வைத்த கோப்புகளும் இல்லை. கட்டின பணம் போனது போனதுதானா?

பதில்: அவசரப்பட்டு மறுபடி சந்தா கட்டிவிடாதீர்கள். பழைய கணக்கு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். நீங்கள் இப்போது பார்ப்பது, ஜிமெயிலால் பொத்தானை அழுத்திய நொடியில் புதிதாக உருவான காலிக் கணக்கு. இந்தப் பொத்தானுக்குப் பதிவு செய்வதும் உள்ளே நுழைவதும் ஒரே வேலைதான். தெரியாத ஆள் வந்தால் கேள்வி கேட்காமல் புதுக் கணக்கு திறந்துவிடும்.

அந்த ஆள் தெரிந்தவரா என்பதை எப்படிப் பார்க்கிறது? நீங்கள் பொத்தானை அழுத்தும்போது கூகுள் அந்தச் செயலிக்கு உங்கள் பாஸ்வேர்டைக் கொடுப்பதில்லை. பெயர், மெயில் முகவரி, கூடவே `sub` என்ற நீண்ட எண் ஒன்றை அனுப்புகிறது. ஒரு கூகுள் கணக்குக்கு ஒரே எண்தான், அது மாறாது. மெயில் முகவரி மாறக்கூடும் என்பதால், பயனரை இந்த எண்ணை வைத்தே அடையாளம் காணுங்கள் என்று செயலி எழுதுபவர்களுக்குக் கூகுளே சொல்கிறது. ஆக, உங்கள் சந்தா ஒட்டிக்கொண்டிருப்பது அலுவலகக் கணக்கின் எண்ணோடு. உங்கள் ஜிமெயிலின் எண் வேறு.

முதலில் வீட்டில் ஒரு தேடல். பழைய போன், டேப்லெட், மடிக்கணினி என்று எதிலாவது அந்தச் செயலி இன்னும் பழைய கணக்கிலேயே திறந்திருக்கிறதா பாருங்கள். ஒருமுறை உள்ளே விட்டபின் பல செயலிகள் ஒவ்வொரு தடவையும் கூகுளிடம் போய்க் கேட்பதில்லை, தாங்கள் கொடுத்த அனுமதியையே வைத்து ஓட்டுகின்றன. அதனால் மூலக் கணக்கு மூடிய பிறகும் மாதக்கணக்கில் திறந்தே இருக்கலாம். அப்படி ஒன்று கிடைத்தால் லாகவுட் செய்யாதீர்கள், பிரௌசரில் குக்கீகளை அழிக்காதீர்கள், செயலியை நீக்கிப் போடாதீர்கள். முதல் வேலையாக உங்கள் கோப்புகளைப் பதிவிறக்கி வையுங்கள். அடுத்து அமைப்புகளுக்குள் போய் மெயில் முகவரியை மாற்றப் பாருங்கள்.

இங்கே இரண்டு இடத்தில் தடுக்கும். உங்கள் ஜிமெயிலை இட்டால், "இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று வரும். அதைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் காலிக் கணக்குதான். அதை நீக்கிவிட்டு முயலுங்கள். சில சேவைகளில் நீக்கிய முகவரி சில நாள் கழித்துத்தான் விடுபடும், அவசரமென்றால் உங்களுடைய வேறொரு முகவரியை இடலாம். இரண்டாவது, மாற்றத்தை உறுதிசெய்யச் சொல்லிப் பழைய முகவரிக்கே மெயில் அனுப்பும் செயலிகள். அந்தப் பெட்டிதான் மூடிக் கிடக்கிறதே. அப்போது அலுவலகத்தின் உதவி வேண்டும்.

அலுவலகத்தில் கேட்கும்போது "மெயிலை மூடிவிட்டீர்களா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்களா, அழித்தே விட்டார்களா என்று கணினி நிர்வாகியிடம் கேளுங்கள். நிறுத்தி வைத்ததென்றால் அவர் மறுபடி இயக்கிவிடலாம். அழித்ததென்றால் அழித்த நாளிலிருந்து 20 நாளுக்குள் மீட்கலாம். இரண்டிலும் அதே கணக்குதான் திரும்பும், எண்ணும் அதேதான், பொத்தான் பழையபடி வேலை செய்யும். அரை மணி நேரம் திறந்து கொடுத்தால் போதும், முகவரியை மாற்றிக்கொண்டு வெளியேறிவிடலாம்.

20 நாள் தாண்டிவிட்டதா? அதே முகவரியில் புதிதாக ஒரு கணக்கைத் திறந்து கொடுத்தாலும் எண் புதியது. எண்ணை மட்டும் பார்க்கும் செயலியில் பொத்தான் பயன்படாது. ஆனால் அந்த முகவரிக்கு வரும் மெயில் கிடைக்கும், அதுவே பாதி வெற்றி. புதுக் கணக்குகூட வேண்டாம், பழைய முகவரியை வேறொருவரின் பெட்டிக்குத் துணை முகவரியாகச் சேர்த்தாலும் மெயில் அங்கே வந்துவிடும். பிறகு செயலியின் "Forgot password" இணைப்பில் பழைய முகவரியைக் கொடுத்து, வரும் மெயிலில் புது பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளலாம். பொத்தான் மூலம் மட்டும் வந்தவர்களுக்குச் சில செயலிகள் இந்த வசதியைத் தருவதில்லை, "நீங்கள் கூகுள் வழியே நுழைபவர்" என்று மட்டும் பதில் வரும்.

இவை எதுவும் ஆகாவிட்டால்தான் வாடிக்கையாளர் சேவை. அவர்கள் பார்வையில், மூடிய ஒரு முகவரியின் கணக்கைக் கேட்டு வேறொரு முகவரியிலிருந்து எழுதும் நீங்கள் யாராகவும் இருக்கலாம். எனவே பணம் கட்டிய ஆள் நீங்கள்தான் என்று காட்டுங்கள்: ரசீதில் உள்ள ஆர்டர் எண், பணம் கட்டிய தேதி, தொகை, கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள். கார்டின் முழு எண் எந்த நிலையிலும் வேண்டாம். ரசீது அலுவலக மெயிலுக்குப் போயிருந்தாலும் கார்டு அறிக்கையில் தேதியும் தொகையும் இருக்கும். "லாகின் ஆகவில்லை" என்று எழுதினால் பாஸ்வேர்டு மாற்றும் வழியை அனுப்பி முடித்துவிடுவார்கள். "கூகுள் பொத்தான் மூலம் உருவான கணக்கு, அந்தக் கூகுள் கணக்கு அழிந்துவிட்டது, என் கணக்கின் முகவரியை இதற்கு மாற்றுங்கள்" என்றே எழுதுங்கள்.

கணக்கு கிடைக்கும்வரை சந்தாவின் தானியங்கிப் புதுப்பிப்பு நிற்காது என்பதை மறக்க வேண்டாம். புதுப்பிப்புத் தேதி நெருங்கினால் அதை நிறுத்தச் சொல்லி அதே கடிதத்தில் எழுதுங்கள், கார்டு கொடுத்த வங்கியிடமும் சொல்லி வையுங்கள். சந்தா அலுவலகப் பணத்தில் கட்டியதாக இருந்திருந்தால் இவ்வளவும் பொருந்தாது, அது அலுவலகத்தின் உடைமை.

கேள்வி: ஃபேஸ்புக் கணக்கை நிரந்தரமாக நீக்கப் போகிறேன். அதை வைத்து நுழைந்த கடைகளும் விளையாட்டுகளும் நிறைய. முன்னதாக என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஃபேஸ்புக் அமைப்புகளில் "Apps and websites" பகுதியைத் திறந்தால் பட்டியல் கிடைக்கும். அங்கேயே "Remove" அழுத்தத் தொடங்கிவிடாதீர்கள். அது இணைப்பை அறுக்கும், அந்தக் கடையில் உங்கள் கணக்கை மாற்றாது. ஒவ்வொரு கடைக்குள்ளும் போய், உங்கள் மெயில் முகவரி இருக்கிறதா பாருங்கள். போன் எண்ணை மட்டும் கொடுத்து ஃபேஸ்புக்கில் சேர்ந்தவர்களுக்கு அந்த இடம் காலியாக இருக்கலாம், அப்படியானால் பாஸ்வேர்டு மெயில் போக இடமே இல்லை. முகவரியைச் சேர்த்து, பாஸ்வேர்டு வைத்து, பிரௌசரின் மறைநிலைச் சாளரத்தில் ஃபேஸ்புக் பொத்தானைத் தொடாமல் உள்ளே போக முடிகிறதா என்று சோதியுங்கள். போனால்தான் அந்தக் கடை முடிந்தது. முகவரி `@privaterelay.appleid.com` என்று முடிந்தால் அது ஆப்பிள் பொத்தான் தந்த மறைமுக முகவரி. ஆப்பிள் கணக்கை மூடும் எண்ணம் இருந்தால் அதையும் உங்கள் நேரடி முகவரிக்கு மாற்றுங்கள்.

நீக்கச் சொன்ன பிறகு மனம் மாற 30 நாள் தருகிறார்கள். விட்டுப்போன கடை ஏதாவது நினைவுக்கு வந்தால், அதற்குள் உள்ளே போய் நீக்கலை ரத்து செய்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம்.