‘ஆதரெயி ❤️🙏’ என்றால் காதலா?

கேள்வி: கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். குருநாகலைச் சேர்ந்த மேற்பார்வையாளர் என் பிறந்தநாளுக்கு ‘சுப உபன்தினயக் நங்கி, ஆதரெயி ❤️🙏’ என்று சிங்களத்தில் அனுப்பினார். கைப்பேசி அதை ‘காதலிக்கிறேன்’ என்று மொழிபெயர்த்தது. எனக்கு நிச்சயம் செய்தவர் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். இதற்கு என்ன அர்த்தம்?

பதில்: அந்த ஒரு வரியை மட்டும் வைத்துச் சொன்னால், அது பிறந்தநாள் வாழ்த்துத்தான். வம்பை இழுத்தது மொழிபெயர்ப்பு.

நாம் அன்பை ஒரு சொல்லாலும் காதலை வேறொரு சொல்லாலும் சொல்கிறோம். அம்மாவிடம் ‘காதலிக்கிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. சிங்களத்தில் இந்த இரண்டையும் ‘ஆதரய’ என்ற ஒரே சொல் சுமக்கிறது. காதலியிடமும் ‘ஆதரெயி’, ‘ஆதரெயி அம்மே’ என்று தாயிடமும் ‘ஆதரெயி’. பிடித்த பாடகரின் படத்துக்குக் கீழேயும் அதையேதான் எழுதுகிறார்கள். நமது ‘ஆதரவு’ம் அதே வடமொழி வேரில் வந்ததுதான். பழந்தமிழ் நூல்களில் ‘ஆதரம்’ என்றால் அன்பு. கைப்பேசி இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. பிழையானதைத் தெரிவு செய்துவிட்டது.

சிவப்பு இதயத்தைத் தனியாகப் பார்த்தால் நம் ஊரில் புருவம் உயரும். ஆனால் பக்கத்தில் கூப்பிய கைகள் இருக்கின்றன. சிங்களவருக்கும் நமக்கும் அது வணக்கம், நன்றி, நல்வாழ்த்து. காதலைச் சொல்கிறவர் கும்பிட்டுக்கொண்டு சொல்வது அபூர்வம். அந்த இடத்தில் 😘 இருந்திருந்தால் நானும் வேறு விதமாக எழுதியிருப்பேன்.

‘நங்கி’ என்றால் தங்கச்சி; ஆனால் அதை மட்டும் சாட்சிக்கு அழைக்காதீர்கள். தமிழில் ‘தங்கச்சி’ என்று அழைத்துவிட்டால் காதலுக்குக் கதவு சாத்தியாயிற்று. சிங்களத்தில் அப்படி இல்லை. காதலர்களும் ஒருவரையொருவர் ‘அய்யா’, ‘நங்கி’ என்று அழைப்பது வழக்கம். (இந்த ‘அய்யா’ அண்ணன்; நமது மரியாதை ஐயா அல்ல.) வவுனியாவில் சிங்களம் படிப்பிக்கும்போது மாணவர்கள் அதிகம் சிரிப்பது இந்த இடத்தில்தான்.

நான் கவனிப்பது வாக்கியத்தின் உடலை. ‘மம ஒயாட்ட ஆதரெயி’, அதாவது ‘எனக்கு உன்மேல்’ என்று ஆளைச் சுட்டி, வாழ்த்து எதுவும் இல்லாமல், இரவு பதினொரு மணிக்குத் தனியாக வந்தால் அது வேறு கதை. காதலர்களும் வெறும் ‘ஆதரெயி’ என்று எழுதுவதுண்டு என்பதால், ஒரு செய்தியை விடத் தொடர்ச்சியே கூடுதலாகச் சொல்லும்.

பதிலுக்கு ‘ஸ்துதியி சேர் 🙏’ என்று நன்றி எழுதுங்கள், இதயம் வேண்டாம். வேலைத்தளக் குழுவில் மற்றவர்களின் பிறந்தநாள்களுக்கு அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று மேலே தள்ளிப் பாருங்கள். மெக்கானிக் தம்பிக்கும் ‘ஆதரெயி ❤️🙏’ போயிருந்தால், அந்தப் பக்கத்தை அப்படியே உங்களவரிடம் காட்டுங்கள்.