காணாமல் போன அரை டிகிரி: ஸ்பெக்ட்ரோமீட்டர் கிரேட்டிங் கேள்வி பதில்

கல்லூரி இயற்பியல் லேபில் பல வருடம் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தவன். பாதரச விளக்கும் கிரேட்டிங்கும் வைத்துச் செய்யும் சோதனை பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில.

"சார், பச்சைக் கோடு 5461 ஆங்ஸ்ட்ராம் வரணும், எனக்கு 5426 வருது. கிரேட்டிங் இன்ச்சுக்கு 15000 கோடு. இடது: V1 341°12', V2 161°14'. வலது: V1 18°20', V2 198°51'. கணக்கை மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன்." (பொறியியல் முதலாண்டு மாணவி)

கணக்கில் தப்பில்லைம்மா, எழுதிய எண்ணில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுக்கும் முன்னால் V1, V2 என்ற இரண்டு வெர்னியர் அளவீடுகளிலும் இடது வலதைத் தனித்தனியாகக் கழித்துப் பாருங்கள். V2-வில் 198°51' − 161°14' = 37°37'. V1 பூஜ்யத்தைத் தாண்டிப் போகிறது. அதனால் 341°12'-லிருந்து 360 வரை 18°48', அதோடு 18°20' சேர்த்தால் 37°8'. இரண்டும் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். உங்களுக்கு 29 நிமிடம் உதைக்கிறது.

எது தப்பு என்பதையும் இந்த எண்களே சொல்லிவிடும். இரண்டு வெர்னியரும் எதிரெதிரே 180 டிகிரியில் உட்கார்ந்திருக்கின்றன. இடதுபக்க ஜோடியின் வித்தியாசம் 180°2', அது சரி. வலதுபக்க ஜோடியில் 180°31' வருகிறது. ஆக வலது V1-இல் அரை டிகிரி தொலைந்திருக்கிறது. வெர்னியர் பூஜ்யம் 18-ஐயும் தாண்டி, அதற்கடுத்த குட்டைக் கோட்டையும் தாண்டி நின்றிருக்கும். நீங்கள் 18 என்று எழுதிவிட்டு வெர்னியரின் 20-ஐச் சேர்த்துவிட்டீர்கள். 18°30' + 20' = 18°50' என்று வந்திருக்க வேண்டும். அப்போது V1 37°38', V2 37°37'. சராசரியில் பாதி θ, அதாவது கிட்டத்தட்ட 18°49'. இரண்டு கோட்டுக்கு இடைவெளி d = 1693 நானோமீட்டர். λ = d sin θ போட்டால் 546.1 வந்து நிற்கிறது.

ஆனால் நோட்டில் 20-ஐ அடித்து 50 ஆக்காதீர்கள். தொலைநோக்கியை அதே கோட்டில் மறுபடி நிறுத்தி, லென்ஸ் வைத்துப் பார்த்து எழுதுங்கள். எங்கள் லேபில் ஒவ்வொரு அளவீடும் எழுதியவுடனே V2-விலிருந்து V1-ஐக் கழித்துப் பக்கத்தில் குறிக்கச் சொல்வேன். பத்து விநாடி வேலை. ஜோடி 180-ஐ விட்டு நகர்ந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

"அப்போ V1 மட்டும் ஒழுங்கா எடுத்தா போதாதா? V2 எதுக்கு?" (அதே மாணவியின் லேப் பார்ட்னர்)

வட்ட அளவுகோலின் மையமும் தொலைநோக்கி சுழலும் அச்சும் இம்மியளவு விலகியிருந்தாலும் ஒரு வெர்னியர் கூட்டிக் காட்டும், எதிரில் இருப்பது அதே அளவு குறைத்துக் காட்டும். சராசரியில் அது அடிபட்டுப் போகும். ஒன்றை மட்டும் எடுத்தால் அந்தப் பிழை இருப்பதே தெரியாது.

"90 டிகிரி திருப்பி, அப்புறம் மேடையை 45 டிகிரி திருப்பி... இவ்வளவு எதுக்கு? இடது வலது சராசரி எடுத்தா கிரேட்டிங் சாய்வு தானா போயிடும். நான் கண் மட்டத்துலயே செங்குத்தா வெச்சுட்டு எடுக்கறேன், நல்லாத்தான் வருது." (எம்.எஸ்சி. மாணவர்)

அந்த 90-உம் 45-உம் கொலிமேட்டரிலிருந்து வரும் ஒளிக்குக் கிரேட்டிங்கைச் செங்குத்தாக நிறுத்தத்தான். நீங்கள் சொல்வது பாதி சரி. சின்னச் சாய்வுக்குப் பெரும்பகுதி போய்விடும், முழுசாகப் போகாது. அதே 15000 கோடு கிரேட்டிங் 2 டிகிரி சாய்ந்திருந்தால் பச்சைக் கோடு ஒருபக்கம் சுமார் 18°56', மறுபக்கம் 18°43' காட்டும். சராசரி உண்மைக் கோணத்தைவிட ஒரு நிமிடம்கூட அதிகமில்லை. அதனால்தான் உங்களுக்கு "நல்லாத்தான்" வருகிறது. சாய்வு 5 டிகிரி ஆனால் இருபக்க வித்தியாசம் 34 நிமிடம், சராசரியிலேயே 5 நிமிடப் பிழை, அலைநீளம் 546-க்குப் பதில் 548-ஐத் தாண்டிவிடும். கண் மட்டத்தில் 2-க்கும் 5-க்கும் வித்தியாசம் தெரியும் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

இன்னொன்று. இடது வலதைக் கழித்து 2θ எடுக்கும்போது இந்தச் சாய்வு வெளியே தெரியாது. நேர்க்கதிர் அளவீட்டையும் அட்டவணையில் எழுதுங்கள். அதிலிருந்து இருபக்கமும் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்குள் இருந்தால் உங்கள் கண் மட்டத்துக்கு ஒரு கும்பிடு.

45 டிகிரியை எந்தப் பக்கம் திருப்புவது என்று பயப்பட வேண்டாம். தப்பான பக்கம் திருப்பினால் கிரேட்டிங்கின் விளிம்புதான் கொலிமேட்டரைப் பார்க்கும், கோடே தெரியாது. பலர் கோட்டைவிடுவது வேறிடத்தில். திருப்பி முடித்ததும் வெர்னியர் மேடைத் திருகை இறுக்க மறந்துவிடுகிறார்கள். தொலைநோக்கியை நகர்த்தும்போது கை பட்டு மேடையும் கூடவே வருகிறது.

"நான் கண்ணாடி போடறவன். கழட்டிட்டுப் பார்க்கலாமா? பார்ட்னர் பார்த்தா அவனுக்கு மங்கலா இருக்குங்கறான்."

கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். ஆனால் ஆள் மாறும்போது கண்ணருகு லென்ஸை மட்டும் குறுக்குக் கம்பி கூர்மையாகத் தெரியும்வரை நகர்த்துங்கள். தொலைநோக்கியின் பக்கத்துக் குமிழைத் திருகக் கூடாது. அது ஜன்னலுக்கு வெளியே தூரத்து மரத்தையோ டவரையோ பார்த்து ஒருமுறை வைத்தது, சோதனை முடியும்வரை அப்படியே இருக்க வேண்டும்.

ஜன்னல் இல்லை என்று லேபின் எதிர்ச்சுவரைப் பார்த்து வைப்பவர்களும் உண்டு. சுவர் 10 மீட்டரில், தொலைநோக்கியின் குவியத்தூரம் 18 செ.மீ. என்றால், பிம்பம் விழ வேண்டிய இடத்திலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி விழும். சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தலையை இடம்வலமாக லேசாக ஆட்டுங்கள். ஸ்லிட் பிம்பம் கம்பியை விட்டு நழுவினால் இன்னும் சரியாகவில்லை.

"எங்க ஸ்கூல்ல ஸ்பெக்ட்ரோமீட்டரே இல்லை. சிடி வெச்சு இதே மாதிரி 45 டிகிரி திருப்பிப் பண்ணலாமா?" (பள்ளி ஆசிரியை)

இதே மாதிரி முடியாதுங்க. சிடியில் ஒளி ஊடுருவிப் போவதில்லை, அலுமினியப் பூச்சில் பட்டுத் திரும்புகிறது. தடங்களும் வளைந்தவை. ஆனால் தட இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், நம் கிரேட்டிங்குக்குப் பக்கத்தில்தான். பழைய சிஎஃப்எல் விளக்கின் வெளிச்சத்தை ஒரு மெல்லிய பிளவு வழியாக விட்டு, சிடியின் வெளிவிளிம்பில் விழச் செய்து பாருங்கள். பாதரசத்தின் பச்சையும் நீலமும் தனித்தனிக் கோடாகத் தெரியும். கோணம் அளப்பதைப் பிறகு யோசிக்கலாம்.

"இடதுபக்கம் கோடுகள் மேலே ஏறி இருக்கு, வலதுபக்கம் கீழே இறங்கி இருக்கு. ஸ்பிரிட் லெவல்ல குமிழி நடுவுலதான். கூடவே இடதுபக்கம் பிரகாசம், வலதுபக்கம் மங்கல்."

முதலாவதுக்குப் பதில் உண்டு. மேடை மட்டமாக இருக்கிறது, ஆனால் தாங்கியில் கிரேட்டிங் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் கோடுகள் சுழலும் அச்சுக்கு இணையாக இல்லை. கிரேட்டிங் எந்தத் தளத்தில் நிற்கிறதோ, அதே தளத்தில் இருக்கும் மேடைத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, இரண்டு பக்கமும் ஒரே உயரம் வரும்வரை கொண்டுவாருங்கள். குமிழி நகர்ந்தால் நகரட்டும்.

பிரகாசம் இப்படி வேறுபடுவதற்குக் காரணம் கிரேட்டிங்கில் கீறிய கோடுகளின் வடிவமாக இருக்கலாம், அல்லது விளக்கு ஸ்லிட்டுக்கு நேரே இல்லாமல் ஒளி கொலிமேட்டரில் ஒருபக்கமாகப் போவதாக இருக்கலாம். கிரேட்டிங்கை அதன் தளத்திலேயே தலைகீழாகத் திருப்பி வையுங்கள். பிரகாசம் பக்கம் மாறினால் கிரேட்டிங், மாறாவிட்டால் விளக்கு. எது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

"திருப்பினேன் சார். ரெண்டு பக்கமும் மங்கல்!"

விரல் எங்கே பட்டது?