கணவர் போன பிறகு பணத்துக்கு முதலில் எங்கே போவது?

கேள்வி: கணவர் தவறி மூன்று வாரம் ஆகிறது. டர்பன் ஃபீனிக்ஸில் இருக்கிறோம். அவர் பேங்க் அக்கவுண்டை முடக்கிவிட்டார்கள். உயில் இல்லை. கல்யாணம் கோவிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை. பென்ஷன் ஃபண்டில் அவர் தம்பி பேரைத்தான் எழுதியிருக்கிறாராம். முதலில் எங்கே போவது?

பதில்:

தங்கச்சி, நான் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் 2023 மே மாதம் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய அன்று ராத்திரி என் கையில் 640 ராண்ட் இருந்தது. அதனால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அவர் விட்டுப்போன பணம் இரண்டு வழியில் வரும். ஒன்று, இறந்தவர்களின் சொத்து விவகாரத்தைக் கவனிக்கும் அரசு அலுவலகமான மாஸ்டர் அலுவலகத்தின் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டிய பணம்: பேங்கில் இருப்பது, வீடு, கார். இன்னொன்று அந்தக் கடிதமே தேவைப்படாத பணம்: ஃபியூனரல் பாலிசி, உங்கள் பேர் எழுதிய லைஃப் பாலிசி, பென்ஷன் ஃபண்ட், சம்பளத்தில் பிடிக்கும் வேலையின்மை இன்ஷூரன்ஸான யூஐஎஃப். முடங்கின அக்கவுண்டைத் திறக்கவைக்க நான் ஆறு வாரம் பேங்குக்கு நடந்தேன். வேண்டாத அலைச்சல். மாஸ்டர் கடிதம் இல்லாமல் அவர்கள் திறக்க முடியாது. அந்த ஆறு வாரத்தில் இரண்டாவது வகையை முடித்திருக்கலாம்.

அவருடைய கார்டும் ரகசிய எண்ணும் உங்களிடம் இருந்தாலும் ஏடிஎம்மில் எடுக்காதீர்கள். இறந்த நிமிடத்திலிருந்து அது எஸ்டேட் பணம், அதாவது அவர் விட்டுப்போன சொத்தில் சேர்ந்தது. பிறகு கணக்குக் கேட்கும்போது மைத்துனர்கள் முன்னால் நீங்கள்தான் தலைகுனிய வேண்டிவரும்.

முதல் வேலை போலீஸ் ஸ்டேஷன். மரணச் சான்றிதழ், அவர் ஐடி, உங்கள் ஐடி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஹோம் அஃபேர்ஸில் கொடுத்த 1663 படிவத்தின் நகல், எல்லாவற்றிலும் பத்துப் பன்னிரண்டு பிரதி எடுத்து, உண்மை நகல் என்று முத்திரை குத்தி வாங்குங்கள். அங்கே காசு வாங்க மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழையதான முத்திரையைப் பல இடங்களில் திருப்பி விடுவார்கள், அதனால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மரணக் காரணம் எழுதிய அந்த 1663 நகல் இல்லாததால்தான் இன்ஷூரன்ஸ் கோரிக்கைகள் நிறைய நிற்கின்றன.

அடுத்தது எந்தெந்தப் பாலிசி இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. என் வீட்டுக்காரர் எதையும் வாய்விட்டுச் சொல்கிறவர் இல்லை. பீரோவின் அடித்தட்டில் பிஸ்கட் டின் ஒன்றில் சம்பளச் சீட்டும் பழைய பேங்க் ஸ்டேட்மென்டும் கிடந்தன. அவற்றைச் சமையலறை மேசையில் பரப்பி, மாதாமாதம் ஒரே தொகை போன வரிகளை எல்லாம் என் மகள் மஞ்சள் பேனாவால் கோடு போட்டாள். சம்பளச் சீட்டில் 47 ராண்ட், கம்பெனி குரூப் ஃபியூனரல். ஸ்டேட்மென்டில் 212 ராண்ட், யாருக்கும் தெரியாத லைஃப் பாலிசி. வீட்டுக் கடன் தவணைக்குக் கீழே தனியாக 168 ராண்ட். அது என்னவென்று கேட்டதற்கு, போனில் பேசிய பெண் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்றாள்.

அது சர்வீஸ் சார்ஜ் இல்லை. கடன் வாங்கினவர் இறந்தால் மீதிக் கடனை அடைக்கும் கிரெடிட் லைஃப் இன்ஷூரன்ஸ். எனக்கு அது தெரியாமல் அண்ணனிடம் கைமாத்து வாங்கி மூன்று தவணை கட்டினேன். பிறகு கடன் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பாலிசி விவரம் கண்ணில் பட்டது. எழுத்தில் கேட்டேன். மீதி 180,000 ராண்ட் கடனும் அடைபட்டது, நான் கட்டின மூன்று தவணையும் திரும்பி வந்தது. வீட்டுக் கடன், கார், ஃபர்னிச்சர் கடை, துணிக்கடை அக்கவுண்ட், பர்சனல் லோன், எதுவாக இருந்தாலும் ஒரு சென்ட் கட்டுமுன் ‘இதில் கிரெடிட் லைஃப் இருக்கிறதா’ என்று ஈமெயிலில் கேளுங்கள். போன் பேச்சை நம்பாதீர்கள்.

ஃபியூனரல் பாலிசி சீக்கிரம் வரும். எல்லாக் காகிதமும் கையில் கிடைத்த இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. இயற்கை மரணத்துக்குக் காத்திருப்புக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது, விபத்துக்குக் காத்திருப்பே கிடையாது. லைஃப் பாலிசியில் உங்கள் பேர் இருந்தால் பணம் எஸ்டேட்டுக்குள் போகாமல் நேரே உங்களுக்கு வரும். மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தேதியிலிருந்து 90 நாளுக்குள் நிறுவனத்திடமே முறையிடலாம். அதற்கும் மசியாவிட்டால் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்பட் இருக்கிறது, கட்டணம் இல்லை.

இந்தப் பணமெல்லாம் வர உங்கள் பேரில் ஒரு அக்கவுண்ட் வேண்டும். ‘அண்ணி, என் அக்கவுண்டில் போடச் சொல்லுங்கள், நான் எடுத்துத் தருகிறேன்’ என்று என் மைத்துனரும் நல்ல மனதோடுதான் சொன்னார். ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பேரில் திறந்து, அவர் அக்கவுண்டிலிருந்து போன பிள்ளைகளின் ஃபியூனரல் பிளான், கார் இன்ஷூரன்ஸ், மெடிக்கல் எய்ட் டெபிட் ஆர்டர்களை அதே மாதம் அங்கே மாற்றுங்கள். அக்கவுண்ட் முடங்கினால் இவையும் நின்று, பாலிசி செத்துப்போகும்.

இப்போது தம்பி பேர் எழுதிய பென்ஷன். இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். லைஃப் பாலிசியில் எழுதின பேர்தான் முடிவு. பென்ஷன் ஃபண்டில் அப்படி இல்லை. பென்ஷன் ஃபண்ட் சட்டத்தின் 37சி பிரிவுப்படி, இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்கள் யார் யார் என்று ஃபண்டை நடத்தும் டிரஸ்டிகளே தேடி, நியாயமாகப் பங்கு போட வேண்டும். படிவத்தில் எழுதின பேர் அவர்களுக்கு ஒரு குறிப்புதான், கட்டளை இல்லை. என் வீட்டுக்காரரும் கல்யாணத்துக்கு முன்னால் வேலையில் சேர்ந்தபோது தன் அண்ணன் பேரை எழுதி அப்படியே விட்டிருந்தார்.

தொகை 600,000 ராண்ட். ஒரே தொகையாக வாங்கினால் முதல் 550,000க்கு வரி இல்லை. அதற்கு மேலான 50,000க்கு 18 விழுக்காடு, 9,000 ராண்ட் போனது. மீதி 591,000. டிரஸ்டிகள் எனக்கு 60, காலேஜில் இருந்த மகளுக்கு 30, மாமியாருக்கு 10 விழுக்காடு என்று பிரித்தார்கள். அதாவது 354,600, 177,300, 59,100. வேலைக்குப் போகும் மகனுக்கும் அவருடைய அண்ணனுக்கும் இல்லை. மாமியாருக்கு அவர் மாதாமாதம் பணம் கொடுத்ததை நான்தான் எழுதிக் கொடுத்தேன், அந்தப் பங்கில் எனக்கு வருத்தமே இல்லை. யாருக்கு அவர் என்ன செலவு செய்தார் என்பதற்கு வாடகை ரசீது, காலேஜ் ஃபீஸ், பணம் அனுப்பின சீட்டு எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். டிரஸ்டிகள் அதைத்தான் பார்க்கிறார்கள். எனக்குப் பத்து மாதம் ஆனது. முடிவு அநியாயமாகப் பட்டால் பென்ஷன் ஃபண்ட்ஸ் அட்ஜுடிகேட்டரிடம் இலவசமாகப் புகார் கொடுக்கலாம்.

பத்து மாதம் வரை சாப்பாட்டுக்கு யூஐஎஃப் கேளுங்கள். அவர் சம்பளத்தில் அது பிடித்திருந்தால் மனைவிக்கு உண்டு. இறந்த 18 மாதத்துக்குள் கேட்க வேண்டும். மனைவிக்கான படிவம் யூஐ 2.5.

இனி உங்கள் கல்யாணம் பதிவாகாத விஷயத்துக்கு வருகிறேன். பதிவில்லாத கல்யாணம் கல்யாணமே இல்லை என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். உயில் இல்லாமல் இறந்தவரின் மனைவி என்ற முறையில், ஒரே மனைவியாக இந்து முறைப்படி தாலி கட்டிக்கொண்டவளுக்கும் வாரிசு உரிமை உண்டு என்று டர்பன் உயர் நீதிமன்றம் 2008ல் தீர்ப்புச் சொன்னது. பென்ஷன் சட்டமும் மத முறைப்படி நடந்த கல்யாணத்தை ஏற்கிறது. ஐயரின் சத்தியக் கடிதம், கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ, இரு வீட்டுப் பெரியவர்களின் அஃபிடவிட், இவற்றைச் சேர்த்து வையுங்கள். ஒரு வித்தியாசம் உண்டு. நாங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்து, தனி ஒப்பந்தம் போடாததால் எங்கள் சொத்து கூட்டுச் சொத்து, பாதி தானாகவே என்னுடையது. உங்களுக்கு அந்தப் பாதி அப்படி வராது. ஆனால் உங்கள் பேரில் இருப்பது, உங்கள் சம்பளம், முழுதும் உங்களுடையதே, எஸ்டேட்டில் சேராது.

மாஸ்டர் அலுவலகத்தில் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மூன்று வாரம் ஆகிவிட்டதே என்று தயங்காமல் இந்த வாரமே போங்கள். மரண அறிவிப்பு ஜே294, சொத்துப் பட்டியல் ஜே243, உயில் இல்லாததால் உறவினர் அஃபிடவிட் ஜே192. அவர் எஸ்டேட் 250,000 ராண்டுக்குள் என்றால் லெட்டர்ஸ் ஆஃப் அத்தாரிட்டி என்ற எளிய கடிதம் போதும். அதற்கு மேலே என்றால் லெட்டர்ஸ் ஆஃப் எக்ஸிகியூட்டர்ஷிப். அதில் பத்திரிகையில் கடன்காரர்களுக்கு 30 நாள் அறிவிப்பு, கணக்கை 21 நாள் பார்வைக்கு வைப்பது என்று பல படி உண்டு. குடும்பச் செலவுக்குப் பணம் நடுவிலேயே தேவைப்பட்டால், எஸ்டேட்டை நிர்வகிக்கும் எக்ஸிகியூட்டர் மாஸ்டர் சம்மதத்தோடு கொஞ்சம் விடுவிக்கலாம். வக்கீல் கட்டணம் 3.5 விழுக்காடு என்பது உச்சவரம்பு. பேசிக் குறைக்கலாம், நான் குறைத்தேன்.

எங்கள் கணக்கு இப்படி: வீடு 900,000, கார் 80,000, இருவர் சேமிப்பும் சேர்த்து 60,000, மொத்தம் 1,040,000. என் பாதி போக அவர் எஸ்டேட் 520,000. மனைவிக்கு ஒரு பிள்ளைப் பங்கு, அல்லது 250,000, எது அதிகமோ அது. மூன்றாகப் பிரித்தால் 173,333தான், அதனால் எனக்கு 250,000. மீதி 270,000, செலவு போகப் பிள்ளைகள் இருவருக்கும். அதைக் கொடுக்க வீட்டை விற்க வேண்டுமோ என்று நடுங்கினேன். 18 வயது நிரம்பிய பிள்ளை தன் பங்கை விட்டுக்கொடுத்தால் அது தாய்க்கே போகும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். உங்கள் பிள்ளைகள் 18க்குக் கீழே என்றால் இது முடியாது, ரொக்கமாக வரும் அவர்கள் பங்கு மாஸ்டரின் கார்டியன்ஸ் ஃபண்டில் இருக்கும். படிப்புச் செலவுக்கு அதிலிருந்து கேட்கலாம்.

பிள்ளைகளின் வயது, வீடு யார் பேரில், இந்த இரண்டையும் கீழே எழுதுங்கள். மாஸ்டர் அலுவலகத்துக்கு எந்தக் காகிதம் எடுத்துப் போக வேண்டும் என்று பட்டியல் போட்டுத் தருகிறேன்.