முன்பின் தெரியாத பர்சேஸ் மேனேஜருக்கு முதல் மின்னஞ்சல்: சப்ஜெக்ட் வரியில் என்ன எழுதுவது?

கேள்வி: நான் அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறிய ஆலை நடத்துகிறேன். கண்ணாடி பாட்டிலில் பழரசம் அடைத்து விற்கும் நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறேன். சப்ஜெக்ட் வரியில் ‘வணிக வாய்ப்பு – தரமான பொருட்கள், குறைந்த விலை’ என்று போடுகிறேன். யாரும் பதில் போடுவதில்லை, திறந்து பார்க்கிறார்களா என்றே தெரியவில்லை. எப்படி எழுதினால் திறப்பார்கள்?

பதில்: கொள்முதல் பிரிவில் இருப்பவர் காலையில் இன்பாக்ஸைத் திறந்தால் முதலில் கண் போவது தனக்குத் தெரிந்த பெயர்களின் மேல்தான். வர வேண்டிய லாரி வராத விஷயம், பில்லில் தகராறு, உற்பத்திப் பிரிவின் அவசரக் கோரிக்கை, இவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் தெரியாத பெயர்களுக்கு வருவார். அங்கே அவர் எதையும் நிதானமாகப் படிப்பதில்லை. ‘இது நான் வாங்கும் பொருளா, இல்லையா’ என்று மட்டும்தான் பார்க்கிறார். நீங்கள் எழுதியிருக்கும் வரியில் அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. வணிக வாய்ப்பு என்று சொல்பவர் காப்பீடு விற்பவராகவும் இருக்கலாம், கணினி விற்பவராகவும் இருக்கலாம். தரம், குறைந்த விலை இரண்டையும் எல்லா சப்ளையரும் சொல்கிறார்கள். அதனால் அவை இருந்தும் இல்லாததுபோலத்தான்.

ஆகவே பொருளின் பெயர் முதலில் வரட்டும். செல்போன் திரையில் சப்ஜெக்ட் வரியின் முதல் நான்கைந்து சொற்கள்தான் தெரியும், மீதி வெட்டுப்பட்டுவிடும். தமிழில் எழுதினால் எழுத்துகள் அகலமானவை என்பதால் இன்னும் குறைவாகவே தெரியும். உங்கள் நிறுவனப் பெயரை அங்கே போட்டு இடத்தை வீணாக்காதீர்கள். அது அனுப்புநர் பெயரில் வர வேண்டியது.

ஆனால் ‘அட்டைப்பெட்டி சப்ளை’ என்று மட்டும் எழுதினாலும் போதாது. அவருக்கு ஏற்கெனவே அட்டைப்பெட்டி வந்துகொண்டுதான் இருக்கிறது. தன்னுடைய பெட்டியைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு அனுப்புவதற்கு முன் கொஞ்சம் வேலை இருக்கிறது. அவர்களுடைய பழரசம் விற்கும் கடையில் முழுப் பெட்டியாக வந்து இறங்கியதைப் பாருங்கள். எத்தனை பாட்டில் பிடிக்கிறது, அட்டை எத்தனை பிளை, அதாவது எத்தனை அடுக்கு, உள்ளே பாட்டிலுக்குப் பாட்டில் தடுப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அப்புறம் அந்த நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டு, பாட்டில் பெட்டியை யார் வாங்குகிறார்கள், அதை என்ன பெயரில் ஆர்டர் செய்கிறார்கள் என்று கேளுங்கள். ஸ்டோர் பிரிவில் இருப்பவர்கள் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். சிலர் ‘மாஸ்டர் கார்ட்டன்’ என்பார்கள், சிலர் ‘ஷிப்பர்’ என்பார்கள். அவர்கள் சொன்ன பெயரையே நீங்களும் போடுங்கள்.

அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சப்ளையர்கள் பலர் இதை யோசிப்பதே இல்லை. உங்கள் மின்னஞ்சல் வரும் நாளில் அவருக்குப் புது சப்ளையர் தேவைப்படாமல் இருக்கலாம். இரண்டு மாதம் கழித்து வழக்கமான ஆள் பெட்டி அனுப்பத் தாமதிக்கும்போது, அவர் தன் இன்பாக்ஸின் தேடல் கட்டத்தில் ‘கார்ட்டன்’ என்று தட்டிப் பார்ப்பார். வந்து விழும் பட்டியலில் கண்ணில் படுவது சப்ஜெக்ட் வரிகள்தான். ‘மாஸ்டர் கார்ட்டன், 12 பாட்டில்’ என்று இருந்தால் விரல் அங்கே நிற்கும்.

சரி, உங்கள் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 12 பாட்டில் பிடிக்கும் 5 பிளை பெட்டி, உள்தடுப்போடு போகிறது, அவர்கள் அதை மாஸ்டர் கார்ட்டன் என்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இப்படி எழுதலாம்:

‘மாஸ்டர் கார்ட்டன், 12 பாட்டில், 5 பிளை, உள்தடுப்புடன்’

இதைப் பார்த்ததுமே தன் பொருள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். இனி, இப்போதைய சப்ளையரை வைத்துக்கொண்டே உங்கள் மின்னஞ்சலையும் திறக்க ஒரு காரணம் வேண்டும். ஒன்றே ஒன்று போதும், அதுவும் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். ‘சிறந்த சேவை’ என்பதைச் சரிபார்க்க முடியாது. ‘500 பெட்டியிலிருந்து’ என்பதை முடியும். புது ருசியைக் குறைந்த அளவில் விட்டுப் பார்க்கும் பழரச நிறுவனத்துக்குச் சிறிய ஆர்டர் எடுக்கும் ஆலை பெரிய உதவி. பெரிய ஆலைகள் அந்த அளவுக்கு இயந்திரத்தை மாற்றி அமைக்கத் தயங்குவார்கள். உங்களைப் போன்ற சிறிய ஆலைக்கு இதுதான் பலம். எனவே:

‘மாஸ்டர் கார்ட்டன் 12 பாட்டில், 5 பிளை – 500 பெட்டியிலிருந்து’

உள்தடுப்பை மின்னஞ்சலுக்குள் சொல்லிக்கொள்ளலாம். இந்த வரியின் கடைசிப் பகுதி செல்போனில் வெட்டுப்பட்டாலும் நஷ்டமில்லை, முக்கியமானது முன்னாலேயே வந்துவிட்டது. ஆனால் 500 பெட்டி ஆர்டரை உங்களால் உண்மையிலேயே எடுக்க முடிந்தால் மட்டும் எழுதுங்கள். திறந்து கேட்ட பிறகு ‘குறைந்தது 2000 வேண்டும்’ என்றால் அடுத்த மின்னஞ்சலை அவர் தொடவே மாட்டார்.

விலையைச் சப்ஜெக்ட் வரியில் போட வேண்டாம் என்பதே என் கருத்து. பெட்டியின் விலை காகிதத்தின் கனம், அளவு, அச்சு, எண்ணிக்கை எல்லாவற்றையும் பொறுத்தது. அளவே தெரியாமல் சொல்லும் விலையை அனுபவமுள்ள பர்சேஸ்காரர் நம்புவதில்லை.

ஒன்றை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பதுபோல் காட்ட, முன்னால் ‘Re:’ என்று நீங்களே தட்டிப் போடுவது. அது திறக்கவைக்கும், உண்மைதான். திறந்த மறுநொடி ஏமாற்று என்று தெரிந்துவிடும். பணத்தையும் சரக்கையும் நம்பி ஒப்படைக்க வேண்டிய உறவு பொய்யில் தொடங்கக் கூடாது. அமெரிக்காவில் 2003-இல் வந்த மின்னஞ்சல் சட்டம் ஏமாற்றும் சப்ஜெக்ட் வரியைத் தடையே செய்கிறது. ‘அவசரம்’ என்று போடுவதும் இதே வகைதான்.

இன்பாக்ஸில் சப்ஜெக்ட் வரியோடு இன்னும் இரண்டு விஷயம் தெரியும். ஒன்று அனுப்புநர் பெயர். ‘info’ என்றோ ‘sales’ என்றோ இல்லாமல், உங்கள் பெயரும் நிறுவனப் பெயரும் சேர்ந்து வரும்படி அமைத்துவிடுங்கள். மற்றது மின்னஞ்சலின் முதல் வரி. பல திரைகளில் அது சப்ஜெக்ட்டுக்கு அருகிலோ கீழேயோ மங்கலாகத் தெரியும். அங்கே ‘எங்கள் நிறுவனம் பல ஆண்டுகளாக’ என்று தொடங்கினால் வீண். ‘வணக்கம். உங்கள் 12 பாட்டில் பெட்டியின் அளவிலேயே உள்தடுப்போடு ஒரு சாம்பிள் செய்து அனுப்ப முடியும்’ என்று எழுதுங்கள்.

எது வேலை செய்கிறது என்று பார்க்க, திறந்தார்களா என்று காட்டும் கருவிகளை நம்பாதீர்கள். அவை மின்னஞ்சலுக்குள் வைத்த கண்ணுக்குத் தெரியாத படம் இறங்குவதை வைத்துக் கணக்குப் போடுகின்றன. ஆப்பிள் மெயில் 2021 முதல், அதற்கான அமைப்பை இயக்கியவர்களுக்கு, அவர்கள் திறக்காவிட்டாலும் அந்தப் படத்தைத் தானே இறக்கி வைத்துவிடுகிறது. வரும் பதில்களை மட்டும் எண்ணுங்கள். ‘இப்போது தேவையில்லை’ என்று வந்தாலும் வரி தன் வேலையைச் செய்துவிட்டது. ‘இதை நான் பார்ப்பதில்லை’ என்று வந்தால் வரியில் தவறில்லை, ஆள் மாறிப் போயிருக்கிறது. யார் பார்க்கிறார் என்று அவரிடமே கேட்டு, அதே வரியோடு அந்தச் சரியான ஆளுக்கு அனுப்புங்கள்.

ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால், முதலில் அனுப்பியதற்கே நீங்கள் பதில் போடுவதுபோல் ஒருமுறை நினைவூட்டலாம். அப்போது தானாக வரும் ‘Re:’ பொய்யில்லை, பழைய மின்னஞ்சலும் கீழேயே இருக்கும். ஆனால் ‘வணிக வாய்ப்பு’ என்று முன்பு அனுப்பினீர்களே, அவர்களுக்கு அந்தப் பழைய தொடரில் நினைவூட்டாதீர்கள். புது சப்ஜெக்ட்டோடு புதிதாகவே அனுப்புங்கள்.